கத்திரி வெயிலில் என் சுகர் கணக்கு

மே 6, வேலூர்

மதியம் ஒன்றரைக்கு எப்போதும் போல வயிற்றில் 8 யூனிட், சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலின். அதற்குள் கரண்ட் போய்விட்டது. உடம்பெல்லாம் கசகசப்பு. நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு சாப்பிடலாம் என்று போனேன். மொட்டைமாடி டேங்க் தண்ணீர் காய்ச்சி இறக்கியது போலச் சுட்டது.

தலை துவட்டும்போது கை நடுங்கியது. வியர்வையை வெக்கை என்றே நினைத்தேன். ஆனால் பின்கழுத்தைத் தொட்டால் சில்லென்று இருந்தது. மீட்டரில் 58. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். கால் மணி நேரத்தில் 86. அப்புறம்தான் சோறு.

மே 7

டாக்டரிடம் போனில் கேட்டேன். "சூடு பட்டா தோலுக்கடியில ரத்த ஓட்டம் கூடும்மா. மெதுவா இறங்க வேண்டிய மருந்து மளமளன்னு இறங்கிடும். ஊசி போட்ட கையோட சூடான தண்ணில குளிக்காதீங்க" என்றார். அளவைக் குறைக்கட்டுமா என்றதற்கு, ஒரு வார ரீடிங்கைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். இனி குளித்துவிட்டுத்தான் ஊசி.

மே 11

கல்யாண வீடு. மீட்டரை ஸ்கூட்டர் டிக்கியிலேயே வைத்துவிட்டேன். பந்தி முடிந்து எடுத்தால் எண்ணுக்குப் பதில் தெர்மாமீட்டர் படம். சூடு தாங்காமல் மறுக்கிறது. தப்பான எண்ணைக் காட்டுவதற்கு இது எவ்வளவோ மேல். மண்டபத்துக்குள் அரை மணி நேரம் வைத்தபின் உயிர் வந்தது: 262! விரலில் மாம்பழப் பிசுக்கு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துப் பார்த்தால் 171. அதையும் முழுதாக நம்பவில்லை, ஸ்ட்ரிப் டப்பாவும் டிக்கியில்தானே வெந்தது. வீட்டுக்கு வந்து புது டப்பா பிரித்தேன்.

மே 14

திருவண்ணாமலை பஸ். வழியில் பாத்ரூம் கிடைக்காதே என்று தண்ணீரே குடிக்கவில்லை. (பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) மாலை நாக்கு ஒட்டிக்கொண்டது, சிறுநீர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போனது. கையில் ஒட்டிய சென்சார் 214 என்றது, விரலில் குத்தினால் 287. சென்சார் பார்ப்பது தோலுக்கடியில் உள்ள நீரை. உடம்பு வற்றினால் அது காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. போதாததற்கு வியர்வையில் அதன் ஓரமும் கிளம்பியிருந்தது.

தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் சர்க்கரை கெட்டியாகிறது. சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போய் இருக்கிற நீரும் வற்றுகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த கணக்குப்படி 2 யூனிட் போட்டேன், பயத்தில் கூடுதலாகப் போடவில்லை. நீர் சேர்ந்ததும் எண் தானாகவும் இறங்கும், அதன்மேல் இன்சுலினும் சேர்ந்தால் மறுபடி 58தான். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துக் குத்தினேன்: 208. வாந்தி வந்திருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பேன்.

மே 15

பெரிய மண்சட்டியில் ஈர மணல், நடுவே சின்னச் சட்டி, அதற்குள் இன்சுலின் பேனா, மேலே ஈரத்துணி. கரண்ட் போனால் ஃபிரிட்ஜை நம்ப முடியாது. அம்மா எட்டிப் பார்த்து, "தயிர் உறைய வச்சிருக்கியா?" என்கிறாள்.