பாதிப் பாடம் நடத்தியவரும் முழுப் பாடத்துக்கான விளம்பரமும்

தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் கல்வி ஒருங்கிணைப்பாளராக இருப்பவனுக்குப் பொதுத்தேர்வு முடியும் காலம் விண்ணப்பக் கட்டுகளின் காலம். யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் வரும் விண்ணப்பங்களைப் பிரிப்பது பெரிய வேலை அல்ல. என்னை அதிகம் உட்கார வைப்பது உயிரியல்தான். சென்ற முறை 11, 12 வகுப்புகளுக்கான முதுநிலை உயிரியல் ஆசிரியர் இடம் ஒன்று காலியானபோது நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் விளம்பரத்தின் வாசகம் கேந்திரிய வித்யாலயா அறிவிப்பைத் தழுவியது. பல தனியார் பள்ளிகள் செய்வதுதான். தாவரவியல், விலங்கியல், உயிரறிவியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் போன்றவற்றில் ஒன்றில் 50 சதவீத மதிப்பெண்ணோடு முதுநிலைப் பட்டம், இளநிலையில் தாவரவியலையும் விலங்கியலையும் படித்திருக்க வேண்டும், பி.எட்.; மேல்நிலை வகுப்புகளில் மூன்றாண்டு அனுபவம். விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் படிக்கிறார்கள். நடுவில் நிற்கும் இளநிலை நிபந்தனைதான் ஆளைப் பிரிக்கும் வரி.

சல்லடையில் கடைசியாக இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் எம்.எஸ்சி. விலங்கியல், பி.எட்.; மாநிலப் பாடத்திட்ட மெட்ரிக் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் பிளஸ் டூ உயிரியல் எடுத்ததாக விண்ணப்பத்தில் இருந்தது. மற்றவர் எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம், பி.எட்.; இரண்டாண்டு பள்ளி அனுபவம், பிறகு நீட் பயிற்சி மையம் ஒன்றில் நான்கு ஆண்டுகள். தாளில் பார்த்தால் இரண்டாமவர் மின்னினார். முதுநிலையில் மதிப்பெண் அதிகம், ஆங்கிலம் சரளம், பயிற்சி மையத்தில் அவரிடம் படித்தவர்கள் மருத்துவக் கல்லூரிக்குப் போயிருந்தார்கள். முதல்வர் அவர் பக்கம் சாய்ந்ததில் எனக்கு வியப்பு இல்லை.

நான் பட்டச் சான்றிதழை முதலில் பார்ப்பதில்லை. பருவவாரியான மதிப்பெண் பட்டியலைக் கேட்பேன். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பி.எஸ்சி. பட்டியலில் பகுதி 1 மொழிப்பாடம், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3-இல்தான் முதன்மைப் பாடமும் அதற்குத் துணையாகப் படிக்கும் 'அலைடு' பாடங்களும் வரும். விலங்கியல் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் தாவரவியலும் வேதியியலும் அலைடாக இருக்கும். இவருக்கும் அப்படியே: தாவரவியல் இரண்டு தாள்கள், கூடவே செய்முறைத் தேர்வு. ஆக, பட்டத்தின் பெயரில் ஒரு பாதி மட்டும் தெரிந்தாலும், அவர் இளநிலையில் இரண்டையும் படித்தவர். நிபந்தனை நிறைவேறிவிட்டது.

உயிர்த்தொழில்நுட்பப் பட்டதாரியின் பட்டியல் வேறு கதை சொன்னது. இளநிலையிலும் உயிர்த்தொழில்நுட்பமே முதன்மைப் பாடம். அலைடாக வேதியியலும் உயிர்வேதியியலும். தாவரத் திசு வளர்ப்பு, விலங்கு செல் வளர்ப்பு என்று தாள்கள் இருந்தன. தாவரவியல் என்றோ விலங்கியல் என்றோ ஒரு தாளும் இல்லை.

"தாவரத் திசு வளர்ப்பு தாவரவியல் இல்லையா, சார்?" என்று முதல்வர் கேட்டார். கேள்வி நியாயமானது. பாடப்பொருள் அளவில் விவாதிக்கலாம். ஆனால் விளம்பரத்தை எழுதியவர்கள் நாங்கள். அந்த வரியைப் படித்துவிட்டு, நமக்குத் தகுதி இல்லை என்று விண்ணப்பிக்காமல் இருந்த உயிர்த்தொழில்நுட்பப் பட்டதாரிகள் இந்த மாவட்டத்திலேயே பலர் இருப்பார்கள். ஒருவருக்காக வரியைத் தளர்த்தினால் அவர்களை ஏமாற்றியதாக ஆகும். அரசுப் பணியில் இப்படிப்பட்ட சிக்கலுக்கு உயர்கல்வித் துறை வெளியிடும் இணைத்தன்மை அரசாணைகள் இருக்கின்றன. எந்தப் பட்டம் எதற்கு இணை என்று அதில் தேடலாம். தனியார் பள்ளியின் விளம்பரத்துக்கு அதன் சொந்த வாசகம்தான் அரசாணை. வரி தவறு என்று பட்டால் அடுத்த விளம்பரத்தில் மாற்ற வேண்டும், நேர்காணல் அறையில் அல்ல.

அனுபவ நிபந்தனையிலும் அவருக்குப் பற்றாக்குறை இருந்தது. பயிற்சி மையத்தில் கழித்த நான்கு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளி வகுப்பறை ஆகாது. இது அந்த வேலையைத் தாழ்த்திச் சொல்வது அல்ல. சி.பி.எஸ்.இ. உயிரியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. வெங்காய வேர் நுனியை நசுக்கி மைட்டாசிஸ் நிலைகளைக் காட்டுவது, கண்ணாடித் தகட்டில் மகரந்தத்தை முளைக்க வைப்பது, பசலைக்கீரையிலிருந்து டி.என்.ஏ. பிரித்தெடுப்பது எல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியரின் கைவேலை. நீட் மையத்தில் நுண்ணோக்கிக்கு வேலை இல்லை.

இத்தனையும் சொன்னதால் விலங்கியல் ஆசிரியை தானாகத் தேறிவிட்டார் என்று எண்ண வேண்டாம். எனக்கு உண்மையான தலைவலி அவருடைய ஒன்பது ஆண்டுகளில்தான் இருந்தது.

மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை உயிரியல் என்பது உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு புத்தகங்கள். பெரும்பாலான பள்ளிகளில் இரண்டு ஆசிரியர்கள். 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் ஆளுக்கு 35. சி.பி.எஸ்.இ.-யில் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர். ஆகவே 'பிளஸ் டூ உயிரியல், ஒன்பது ஆண்டுகள்' என்ற அனுபவச் சான்றிதழ் பொய் இல்லை. ஆனால் எங்கள் இடத்துக்கு அது பாடத்தில் பாதிதான்.

எந்தப் பாதி என்று பார்க்க, சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு அலகுகளை ஒரு தாளில் எழுதி, மதிப்பெண்களைப் பக்கத்தில் போட்டேன். இனப்பெருக்கம் 16, மரபியலும் பரிணாமமும் 20, உயிரியலும் மனித நலனும் 12, உயிர்த்தொழில்நுட்பம் 12, சூழலியல் 10. பிறகு மாநிலப் புத்தகங்கள் இரண்டையும் திறந்து, அவர் எதை நடத்தியிருப்பார் என்று குறித்தேன். மனித இனப்பெருக்கம், மூலக்கூறு மரபியல், பரிணாமம், நோய்கள், உயிர்த்தொழில்நுட்பப் பயன்பாடுகள் எல்லாம் விலங்கியல் புத்தகத்தில் இருக்கின்றன. பூக்கும் தாவரங்களின் இனப்பெருக்கமும், மெண்டலின் பட்டாணிச் சோதனைகளிலிருந்து விரியும் பாரம்பரிய மரபியலும், உயிர்த்தொழில்நுட்பத்தின் கோட்பாடுகளும் தாவரவியல் ஆசிரியரின் பங்கு. பன்னிரண்டாம் வகுப்பிலாவது பெரும்பகுதி இவர் பக்கம் விழுகிறது. பதினொன்றில் தாவர உடற்செயலியல் முழுவதுமே அவருக்குப் புதிது.

நேர்காணலில் அந்தத் தாளை அவரிடமே நீட்டி, நடத்தியவற்றை டிக் செய்யச் சொன்னேன். தயங்காமல் செய்தார்; ஒளிச்சேர்க்கைக்குப் பக்கத்தில் "கல்லூரியில் படித்ததோடு சரி" என்று எழுதினார். எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருந்தால் என் சந்தேகம் கூடியிருக்கும்.

அடுத்தது வகுப்பறைச் சாதனை. "100 சதவீதத் தேர்ச்சி" என்று விண்ணப்பத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. இந்த வரியை நான் படிப்பதே இல்லை. சி.பி.எஸ்.இ.-யில் 70-க்கு 23 எடுத்தால் எழுத்துத் தேர்வில் தேர்ச்சி. அதைத் தாண்டாத அறிவியல் மாணவர்கள் குறைவு. மாநிலப் பாடத்திட்டத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. மதிப்பெண் சான்றிதழில் உயிரியல் ஒரே எண்ணாகத்தான் வரும். அதில் எவ்வளவு தாவரவியல் ஆசிரியரின் உழைப்பு, எவ்வளவு இவருடையது என்று பொதுத்தேர்வு முடிவிலிருந்து பிரிக்கவே முடியாது.

ஆனால் பள்ளிக்குள் நடக்கும் திருப்புதல் தேர்வுகளில் பிரிக்கலாம். அங்கே ஒவ்வொரு பாதியையும் அந்தந்த ஆசிரியரே திருத்துகிறார், தனித்தனியாகப் பதிகிறார். அவரிடம் பழைய மதிப்பெண் பதிவேட்டின் நகல் இருந்தது. இரு பாதிகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். முதல் வரிசை மாணவர்களிடம் வித்தியாசமே இல்லை. அவர்கள் யார் நடத்தினாலும் எடுப்பார்கள். கடைசி வரிசையில் இருந்தவர்கள் முதல் திருப்புதலில் இரண்டு பாதியிலும் ஒரே மாதிரி தடுமாறி, மூன்றாம் திருப்புதலில் விலங்கியலில் மட்டும் ஏறியிருந்தார்கள். அதே பிள்ளைகள், அதே வாரம், அதே தேர்வு. திருத்தும் கை தாராளமானதோ என்ற ஐயத்தைத் தீர்க்க, அவர் வைத்திருந்த திருத்திய விடைத்தாள் மாதிரிகள் இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். படத்துக்குப் பெயர் குறிக்காத இடத்தில் மதிப்பெண் போடவில்லை. எனக்கு அது போதும்.

மாதிரி வகுப்புக்குத் தலைப்பை விண்ணப்பதாரரே தேர்ந்தெடுக்கலாம் என்று விடுவது எங்கள் வழக்கம். இம்முறை நான் மறுத்து, அவர் நடத்தாத பகுதியிலிருந்து ஒரு என்.சி.இ.ஆர்.டி. பாடத்தைக் கொடுத்தேன்: பூக்கும் தாவரத்தின் சூலுக்குள் இருக்கும் கருப்பை முதிர்ந்த நிலையில் ஏழு செல்களும் எட்டு உட்கருக்களும் கொண்டது. ஒரு நாள் அவகாசம். வகுப்பில் எதிர்பார்த்த கேள்வி வந்தது. "ஏழு செல் என்றால் ஏழு உட்கரு தானே, மிஸ்?" அவர் பதிலைச் சொல்லாமல் கரும்பலகையில் ஒவ்வொரு செல்லாக வரைய வைத்தார்: ஒரு முனையில் மூன்று எதிரடிச் செல்கள், மறுமுனையில் அண்டச் செல்லும் இரண்டு துணைச் செல்களும், நடுவில் ஒரே பெரிய செல். அந்த நடுச் செல்லுக்குள் இரண்டு துருவ உட்கருக்களை அந்தப் பையனையே போட வைத்தார். ஆனால் அடுத்த கேள்வியில், மூவிணைவு பற்றிக் கேட்டபோது, தடுமாறி "நாளை சொல்கிறேன்" என்றார். புதிதாகப் படித்துவிட்டு வந்தவர் என்பது தெரிந்தது. படித்ததை நடத்தத் தெரிந்தவர் என்பதும் தெரிந்தது.

அவரை எடுத்தோம், இரண்டு ஏற்பாடுகளோடு. பதினொன்றாம் வகுப்பின் தாவர உடற்செயலியல் பாடங்களை ஆண்டின் பின்பகுதிக்குத் தள்ளி அட்டவணை போட்டோம். எட்டாம் வகுப்பு அறிவியலை அவர் தலையில் கட்டவில்லை. முதுநிலை ஆசிரியரின் வாரப் பாடவேளைகள் 11, 12-இல் மட்டும் நிரம்பாததால் கீழ் வகுப்புகளைச் சேர்ப்பது பள்ளிகளின் பழக்கம். 6 முதல் 8 வரை எடுக்க ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி வேண்டும். அவர் அதை எழுதியதில்லை. விளம்பரத்திலும் நாங்கள் கேட்கவில்லை. ஆகவே ஒன்பது, பத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

உயிர்த்தொழில்நுட்பப் பட்டதாரிக்கு எந்த நிபந்தனையில் தகுதி குறைகிறது என்று வரியைக் குறிப்பிட்டே கடிதம் அனுப்பினோம். "வருந்துகிறோம்" என்று மட்டும் எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. அடுத்த பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது அவருக்கு அது உதவாது. இளநிலை நிபந்தனையைத் தளர்த்தலாமா என்பதை முதல்வரும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் மரபியலுக்கும் உயிர்த்தொழில்நுட்பத்துக்கும் சேர்த்து 32 மதிப்பெண் இருக்கும்போது, அதில் ஆழ்ந்து படித்தவர்களை வாசலிலேயே நிறுத்துவது சரியா என்று அவர் கேட்கிறார். தாவர வகைப்பாட்டைத் தொடாமலே பட்டம் பெற்றவர் பதினொன்றாம் வகுப்பின் முதல் மாதத்தில் என்ன செய்வார் என்று நான் கேட்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் மட்டும் ஒரு மாற்றம் உடனே வந்துவிட்டது: 'அனுபவம்' என்ற ஒற்றைக் கட்டத்துக்குப் பதில், எந்த ஆண்டு, எந்த வகுப்பு, எந்த அலகுகள் என்று மூன்று பத்திகள். அலுவலகத்தில் படிவம் நீண்டுவிட்டது என்று முணுமுணுக்கிறார்கள்.