இட்லிப் பொடி பாக்கெட்டின் அடக்க விலையை ஷீட்டில் கொண்டுவந்த கதை

வீட்டில் இட்லிப் பொடி செய்து 100 கிராம் பாக்கெட்டாக விற்கிறேன். உளுந்து விலை மாறும்போதெல்லாம் நோட்டில் முதலிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதை எக்செல் ஷீட்டுக்கு மாற்றினேன்.

'விலை' என்ற தாளில் பொருளின் பெயர், வாங்கிய விலை, வாங்கிய எடை மூன்றும் இருக்கும். நான்காம் பத்தி ஒரு கிராமின் விலையைத் தானே போடும். இன்னொரு தாளில் ஒரு தடவைக்கான அளவுகள். அங்கே C பத்தியில் இது:

```
=B2*VLOOKUP($A2,'விலை'!$A$2:$D$30,4,FALSE)
```

கடைசியில் வரும் FALSE-ஐ முதலில் விட்டுவிட்டேன். பெயர்கள் அகரவரிசையில் இல்லாததால் பெருங்காயத்துக்கு வேறு பொருளின் விலை வந்து உட்கார்ந்தது. பிழைச் செய்தி எதுவும் வராது. வரிவரியாக ஒத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள், பெருங்காயம், உப்பு எல்லாம் சேர்ந்து 2,075 கிராம், 336.50 ரூபாய். மில் கூலி 40, கேஸ் 30, என் இரண்டு மணி நேரத்துக்கு 160. ஆக 566.50. இதை 2,075 கிராமால் வகுத்தால் ஏமாந்துபோவோம். வறுக்கும்போது ஈரம் போகிறது, மிளகாய்க் காம்பு போகிறது, மில்லிலும் கொஞ்சம் தங்கிவிடுகிறது. கையில் வந்தது 1,900 கிராம், அதாவது 19 பாக்கெட். கவர், லேபிள் 6 ரூபாய் சேர்த்தால் ஒன்று 35.82. சேதாரத்தை விட்டுவிட்டால் 33.30 என்று காட்டும். பாக்கெட்டுக்கு இரண்டரை ரூபாய் நம் கையிலிருந்து போகும்.

அந்த 1,900-ஐ நேரடியாகத் தட்டியதுதான் நான் செய்த பெரிய தவறு. ஒரு பண்டிகை ஆர்டருக்காகப் பொருட்களின் அளவை மட்டும் இரட்டிப்பாக்கினேன். அடக்க விலை 53.53 என்று வந்தது. அதிகமாகச் செய்தால் ஒரு பாக்கெட்டின் விலை குறைய வேண்டுமே தவிர ஏறக்கூடாது. மேலே இருந்த பொருட்செலவு இரட்டித்தது, கீழே வகுக்கும் எடை அசையவில்லை. அதனால் சேதாரத்தை 8.43% என்று B13-இல் வைத்து, கிடைக்கும் எடையை B14-இல் சூத்திரமாக்கினேன்:

```
=SUM(B2:B7)*(1-B13)
```

அடக்க விலை இப்படி (B10:B12 கூலியும் கேஸும், B15 பாக்கெட் எடை, B16 கவரும் லேபிளும்):

```
=(SUM(C2:C7)+SUM(B10:B12))/(B14/B15)+B16
```

இரட்டிப்பு அளவுக்கு மில் கூலி 80, கேஸ் 45, மூன்று மணி நேரத்துக்கு 240 என்று மாற்றியதும் 33.31 வந்தது. அதுதான் நியாயமான எண். பழைய அளவிலேயே உளுந்தை 140-லிருந்து 160 ஆக்கினால் 36.87. மாற்றவேண்டிய கட்டங்களுக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுத்திருக்கிறேன், சூத்திரத்தின் மேல் கை பட்டுவிடாமல் இருக்க.

பக்கத்து வீட்டு அக்கா முறுக்குக்காக இதே ஷீட்டை வாங்கிக்கொண்டார். அவருக்கு எண்ணெய்தான் சிக்கல். வாணலியில் ஊற்றியதை முழுக்கச் செலவாகப் போட்டிருந்தார். சுடுவதற்கு முன்னும் ஆறிய பிறகும் எண்ணெயை நிறுத்து, குறைந்ததை மட்டும் B பத்தியில் எழுதச் சொன்னேன். சேதார சதவீதத்துக்கும் என் எண்ணை அவர் எடுக்கக்கூடாது. பிசைந்த தண்ணீர் பொரியும்போது போய்விடும் என்பதால், சுட்டெடுத்த முறுக்கை நிறுத்துத்தான் அதைப் போடவேண்டும்.