டர்னிங் செயின்: எத்தனை போடுவது, எப்போது கணக்கில் சேர்ப்பது?

குரோஷா படிக்கத் தொடங்கியபோது என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஓரம்தான். இருபது ஸ்டிட்சில் ஒரு சின்னத் துண்டைப் போட்டு, ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணிப் பார்த்தே அதைப் புரிந்துகொண்டேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். இங்கே வரும் பெயர்கள் அமெரிக்க முறைப்படியானவை. பிரிட்டிஷ் முறையில் சிங்கிளை டபுள் என்றும், டபுளை டிரெபிள் என்றும் சொல்வார்கள். அதனால் பேட்டர்ன் எந்த முறையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஒரு வரிசை முடிந்து துணியைத் திருப்பும்போது ஊசி அந்த வரிசையின் தலைப்பில் நிற்கும். அடுத்த ஸ்டிட்ச் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குச் செயின் போட்டு நூலை மேலே ஏற்றியாக வேண்டும். அந்தச் செயின்தான் டர்னிங் செயின். ஏற்றாமல் போட்டால் ஓரம் இழுபட்டுச் சுருங்கும். சிங்கிளுக்கு ஒரு செயின், ஹாஃப் டபுளுக்கு இரண்டு, டபுளுக்கு மூன்று, டிரெபிளுக்கு நான்கு என்பது பொதுவழக்கம்.

மூன்று செயின் சேர்ந்தால் ஒரு டபுளின் உயரம் வந்துவிடும். அதனால் அதையே முதல் ஸ்டிட்சாகக் கொள்வது வழக்கம். சிங்கிளின் ஒற்றைச் செயின் ஸ்டிட்சின் இடத்தை நிரப்பாது, ஆகவே பெரும்பாலும் எண்ணுவதில்லை. ஹாஃப் டபுளில்தான் ஆளுக்கொரு வழக்கம். அங்கே பேட்டர்ன் சொல்வதே முடிவு.

பேட்டர்ன் சொல்லாவிட்டால்? அடிச்செயினைக் கழித்துப் பாருங்கள். 22 செயின் போட்டு, ஊசியிலிருந்து நான்காவது செயினில் முதல் டபுள் என்றால், விட்டது 3, போட்டது 19. வரிசைக்கு 20 என்று எழுதியிருந்தால் விட்ட மூன்றும் ஒரு ஸ்டிட்ச். அதே 22 செயினில் மூன்றாவதில் தொடங்கச் சொன்னால் போட்டதே 20. அங்கே டர்னிங் செயின் கணக்கில் இல்லை.

கணக்கில் உண்டென்றால் இரண்டு வேலை சேர்ந்தே வரும்: அடுத்த வரிசையில் முதல் ஸ்டிட்சை விட்டுவிட்டு இரண்டாவதில் தொடங்க வேண்டும், கடைசி டபுளை முந்தைய வரிசை டர்னிங் செயினின் உச்சியில் போட வேண்டும். உச்சியை விட்டால் வரிசைக்கு ஒன்று குறையும். 20-இல் தொடங்கிய துண்டு பத்தாவது வரிசையில் 11-இல் நிற்கும். திருப்பித் திருப்பிப் போடுவதால் இரண்டு பக்கமும் உள்வாங்கும். முதல் ஸ்டிட்சிலும் போட்டு உச்சியிலும் போட்டால் துண்டு விரிந்துகொண்டே போகும்.

உச்சிச் செயின் சற்றே வளைந்து மறைந்திருக்கும், கண்ணில் எளிதில் படாது. மூன்றாவது செயினைப் போட்டதுமே அதில் ஒரு மார்க்கர் மாட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது அதைக் கழற்றி, அந்தச் செயினின் இரண்டு இழைக்கும் அடியில் ஊசியைக் கொடுங்கள். ஒரே இழையில் கொடுத்தால் ஓரத்தில் ஓட்டை தெரியும்.

சரியாகப் போட்டாலும் டர்னிங் செயினுக்கும் அடுத்த டபுளுக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கும். மறைக்க வேண்டுமானால் இரண்டு செயின் மட்டும் ஏற்றி, அதை எண்ணாமல், முதல் ஸ்டிட்சிலேயே டபுள் போடுங்கள். அப்படிச் செய்தால் வரிசை முடிவில் அந்தச் செயினைத் தொடவே கூடாது.