ஆறாவது அறை மட்டும் ஏன் பிந்துகிறது?

டைமிங், அதாவது அறை சரியான நேரத்தில் குழலுக்கு நேரே வந்து பூட்டிக்கொள்வது, சரியில்லை என்று ஒரு ரிவால்வர் மேசைக்கு வந்தால் உடனே பிரித்துவிடக் கூடாது. பழுது எங்கே என்பதைப் பாதிக்குமேல் சிலிண்டரே சொல்லிவிடும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10-ஐ எடுத்துக்கொள்வோம். ஆறு அறைகள் என்பதால் ஒவ்வொரு முறையும் சிலிண்டர் 60 பாகை திரும்ப வேண்டும்.

டிரிகரை இழுக்கத் தொடங்கியதும் அதன் மூக்கு, சிலிண்டரைப் பூட்டிவைக்கும் சிலிண்டர் ஸ்டாப்பைக் கீழே இழுத்து, சிலிண்டரிலுள்ள பள்ளமான நாட்ச்சிலிருந்து விடுவிக்கிறது. டிரிகரோடு இணைந்த ஹேண்டு என்ற சிறு பாகம் மேலெழுந்து, சிலிண்டரின் பின்புறமுள்ள ராட்செட் பல்லைத் தள்ளுகிறது. சிலிண்டர் சிறிது நகர்ந்ததும் டிரிகரின் மூக்கு ஸ்டாப்பைக் கைவிடும். ஸ்பிரிங் விசையில் அது மேலே வந்து சிலிண்டரின் மேல் உரசிக்கொண்டே போய், அடுத்த நாட்ச் வந்ததும் உள்ளே விழுகிறது. அதனால் இந்த வகையில் சிலிண்டரைச் சுற்றித் தெரியும் மெல்லிய கோடு இயல்பானதே. கோட்டைப் பார்த்தே டைமிங் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு.

ஹேமர் முழுதாகப் பின்னால் வந்து நிற்குமுன் ஸ்டாப் விழுந்துவிட வேண்டும். விழாவிட்டால் அந்த அறை பிந்துகிறது என்று பொருள். சோதிக்க, துப்பாக்கி காலி என்பதை இருமுறை உறுதிசெய்துகொண்டு, அறைகளில் வெற்றுத் தோட்டாக் கூடுகளை இடுங்கள். கூடுகளை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டரில்தான் ராட்செட் பற்கள் இருக்கின்றன, அது லேசாக ஆடக்கூடியது. கூடுகள்தான் அதை நேராகப் பிடித்துவைக்கும். கூடுகள் இல்லாமல் சோதித்தால் நல்ல துப்பாக்கியும் கெட்டதாகத் தெரியும். சிலிண்டரில் விரலை லேசாக அழுத்தியபடி ஹேமரை மிக மெதுவாகப் பின்னிழுத்து, ஸ்டாப் விழும் 'டிக்' ஓசையைக் கவனியுங்கள். ஒவ்வொரு அறைக்கும் இப்படியே செய்து, பிந்துகிற அறையைப் பேனாவால் குறியுங்கள்.

ஆறும் ஒரேபோலப் பிந்தினால் பழுது எல்லாவற்றுக்கும் பொதுவான பாகத்தில் இருக்கும்: பெரும்பாலும் தேய்ந்த ஹேண்டு. கடைசித் துளி சுழற்சியைத் தருவது, பல்லின் பக்கத்தை உரசிச் செல்லும் ஹேண்டின் தடிமன். ஆகவே சற்றுத் தடித்த ஹேண்டைப் பொருத்தி, சரியாக வரும்வரை அளவோடு தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். ஒரே ஒரு அறை பிந்தினால் ஹேண்டைத் தொடாதீர்கள். அந்த அறைக்குரிய பல் தேய்ந்திருக்கலாம். அதற்கும் முன்னால் எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் பாருங்கள். எரியாத வெடிமருந்துத் துகள் சிக்கி, நட்சத்திர வடிவிலுள்ள அதை ஒரு பக்கம் தூக்கியிருக்கலாம். துடைத்துவிட்டு மறுபடி சோதித்தால் பல சமயம் வேறு வேலையே இருக்காது.

மெதுவாக இழுக்கும்போது எல்லாம் சரியாக இருந்து, டிரிகரை வேகமாக இழுக்கும்போது மட்டும் நாட்ச்சைத் தாண்டிப் போனால் அது எதிர்ப்பக்கத்துப் பழுது. கனமான சிலிண்டர் வேகத்தோடு வந்து ஸ்டாப்பில் மோதுவதால் நாட்ச்சின் விளிம்பு நசுங்கியிருக்கும், அல்லது ஸ்டாப் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஸ்பிரிங்கை மாற்றுவது எளிது. நசுங்கிய விளிம்புக்கு நிலையான தீர்வு பெரும்பாலும் புதுச் சிலிண்டர்தான்.

பூட்டாத சிலிண்டரோடு சுட்டால் அறையும் குழலும் நேர்கோட்டில் இராது. ஈயம் சீவப்பட்டு இடைவெளி வழியே பக்கவாட்டில் தெறிக்கும். பிரைமரில் ஊசித் தடம் மையம் விலகி விழும். இந்த இரண்டில் ஒன்று கண்ணில் பட்டாலும், சரிசெய்து முடிக்கும்வரை அந்தத் துப்பாக்கியைச் சுடக் கூடாது.