சேலையால் ஒரு பஸ்

இன்று தரம் 1 பிள்ளைகளுக்கு வீதியைக் கடக்கப் பழக்குவதற்காகப் பாடசாலை முற்றத்தில் வெண்கட்டியால் ஒரு வீதியை வரைந்து, எங்கள் தோட்டத்துச் சந்தியின் வளைவையும் அதில் சேர்த்தோம். முதலில் வலம், பின்னர் இடம், மீண்டும் வலம் பார்க்க வேண்டும் என்பதை எதிரே நின்று காட்டினால் என் வலது கை அவர்களுக்கு இடப்பக்கமாகிவிடும் என்பதால், நானும் அவர்கள் நோக்கும் திசையிலேயே நின்றேன்.

கயிற்றில் சேலையைத் தொங்கவிட்டு, அதுவே நின்றிருக்கும் ஹட்டன் பஸ் என்றதும், இறங்கிய சிறுமி அதன் முன்பக்கமாக ஓடி, பஸ்ஸை முந்திவந்த 'ஆட்டோ' பையனோடு மோதிக்கொண்டாள். “டீச்சர், அவள் வந்தது எனக்குத் தெரியவே இல்லை” என்றான் அவன். மறுமுறை, பஸ் புறப்பட்டு இருபுறமும் தெரியும்வரை அவள் ஓரத்திலேயே காத்திருந்தாள். ஆயினும் மழை நனைத்த இறக்கத்தில் வரும் வண்டியின் வேகத்தை இந்த வயதில் கணிக்க முடியாது. பெரியவர் கையைப் பிடித்தே கடக்க வேண்டும்.