கோயில் கடை வாடகை உயர்வு: கெடுவுக்கு ஒரு நாள் முன்பு சேர்ந்த மேல்முறையீடு

தாமிரபரணிக் கரையில் உள்ள எங்கள் ஊரில் கோயிலுக்குச் சொந்தமான வரிசைக் கடைகளில் ஒன்றில் நாட்டு மருந்துக் கடை நடத்துகிறேன். அப்பா காலத்திலிருந்தே அதே இடம்தான். 2024 ஜூன் 12, புதன்கிழமை, பதிவுத் தபாலில் ஓர் உறை வந்தது. மாதம் 1,900 ரூபாயாக இருந்த வாடகை 6,480 ரூபாய் ஆக்கப்பட்டிருந்தது. அதுவும் முந்தைய ஆண்டு ஜூலை 1 முதலே கணக்கு. கோயில் கணக்கு ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டுப்படி ஓடுவதால் 1433-ஆம் பசலியின் முதல் நாளை எடுத்திருந்தார்கள். பன்னிரண்டு மாத வித்தியாசம் 54,960 ரூபாய். கட்டத் தவறினால் குத்தகை ரத்தாகும் என்ற வரி கடைசியில் இருந்தது.

வாடகையை உயர்த்தியதில் எனக்கு மனக்குறை இல்லை. பக்கத்துத் தனியார் கட்டடத்தில் இதே அளவுக் கடைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சுவாமி சொத்தில் கால் பங்கு வாடகைக்கு உட்கார்ந்துகொண்டு நியாயம் பேச முடியாது. எனக்கு எரிச்சல் மூட்டியது உத்தரவோடு இருந்த கணக்கீட்டுத் தாள். ‘9 × 30 = 270 சதுர அடி, சதுர அடிக்கு ரூ. 24’ என்று அதில் எழுதியிருந்தது. என் கடை 9 அடி அகலம், 20 அடி நீளம். அதற்குப் பின்னால் இருக்கும் 10 அடி, கோயில் வாகனத் தண்டுகளைப் போட்டு வைக்கும் அறை. பூட்டும் சாவியும் கோயிலிடம். அந்த அறைக்கும் சேர்த்து நான் வாடகை கட்ட வேண்டுமாம்!

இது ஐந்து நிமிடத்தில் தீரும் விஷயம் என்று நினைத்தேன். ஜூன் 14-ஆம் தேதி கோயில் அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் வாங்கி வைத்துக்கொண்டு, “பார்த்துக்கொள்ளலாம் அண்ணாச்சி, ஆள் அனுப்பி அளக்கச் சொல்கிறோம்” என்றார். பத்து நாள் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. 24-ஆம் தேதி திங்கள்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று இன்னொரு மனு கொடுத்தேன். அந்த மனு அறநிலையத் துறைக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து முதல் மனு கிடந்த அதே மேசைக்கே வந்து சேர்ந்தது. தவறு என்னுடையதுதான். போக வேண்டிய வாசலே வேறு.

வழி என்ன என்பது உத்தரவின் இரண்டாம் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. இந்து சமய அறநிலையச் சட்டம் 1959-இன் 34-ஏ பிரிவுப்படி வாடகையை நிர்ணயிப்பது ஒரு குழு. இணை ஆணையர், கோயிலின் செயல் அலுவலர் அல்லது அறங்காவலர் தரப்பு, மாவட்டப் பதிவாளர் ஆகியோர் அதில் இருக்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுநிர்ணயம். குழு நிர்ணயித்ததை உத்தரவாக அனுப்புவது மட்டுமே கோயில் அலுவலகத்தின் வேலை. அதைத் திருத்தச் செயல் அலுவலர் மனம் வைத்தாலும் அவராகச் செய்துவிட முடியாது. ஆட்சியருக்கும் இதில் வேலை இல்லை. உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் சென்னையில் ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். அங்கும் தீரவில்லையென்றால் தொண்ணூறு நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு. நான் மனு மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களெல்லாம் அந்த முப்பதில் கழிந்தவை.

இதை நான் உணர்ந்தபோது ஜூலை 1 ஆகியிருந்தது. கோயில் அலுவலகத்தில் கேட்டால், எழுத்தர் உத்தரவின் தேதியைக் காட்டி, “மே 20 போட்டிருக்கிறதே அண்ணாச்சி, கெடு எப்போதோ முடிந்துவிட்டது” என்றார். ஒரு நிமிடம் கை நடுங்கிவிட்டது. ஆனால் சட்டம் சொல்வது உத்தரவு கிடைத்த தேதியை. உத்தரவில் போட்ட தேதியை அல்ல. உறையைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தாள் என் மனைவி. அதிலிருந்த அஞ்சல் முத்திரைதான் எனக்கு உயிர் கொடுத்தது. கோயிலிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் உறையோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். ஆள் மூலம் கொடுத்தால் கையெழுத்தோடு அன்றைய தேதியையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

மூன்றாம் தேதி இரவு நெல்லை எக்ஸ்பிரஸ். மறுநாள் காலை நுங்கம்பாக்கத்தில் ஆணையர் அலுவலகம். மனு, உத்தரவு நகல், பழைய ரசீதுகள் எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அங்கே கேட்ட முதல் கேள்வி: “நிர்ணயித்த வாடகையைக் கட்டிய சான்று எங்கே?” என்னிடம் இல்லை. தொகை அதிகம் என்றுதானே வந்திருக்கிறேன், அதை ஏன் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று கேட்டேன். அந்த அலுவலர் பொறுமையாகச் சட்டத்தைப் பிரித்துக் காட்டினார். புதிய வாடகையைக் கோயில் கணக்கில் செலுத்திய சான்று இல்லாமல் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவே கூடாது. பின்னால் குறைத்தால் கட்டிய பணம் வாடகையில் கழிக்கப்படும். இரண்டு ராத்திரி ரயில் பயணம் ஒரே ஒரு காகிதத்துக்காக வீணாயிற்று.

ஊருக்கு வந்து மனைவியின் சங்கிலியை வங்கியில் வைத்துப் பணம் புரட்டினேன். இந்தக் கட்டத்தில்தான் பலரும் தயங்கி நிற்கிறார்கள். “கட்டிவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்” என்று எங்கள் வரிசையில் எல்லோரும் சொன்னார்கள். எழுத்தரும் அப்படித்தான் சொன்னார். அப்படி ஆகாது. இருந்தாலும் ஐயம் வேண்டாம் என்று, ‘மேல்முறையீட்டு உரிமைக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்’ என ஒரு கடிதம் எழுதி, அதன் நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொண்டேன். எட்டாம் தேதி 54,960 ரூபாயைக் கோயிலின் வங்கிக் கணக்கில் செலுத்தினேன். ஒன்பதாம் தேதி ரசீது. பத்தாம் தேதி இரவு மீண்டும் ரயில். பதினோராம் தேதி, இருபத்தொன்பதாவது நாள், மனு ஏற்கப்பட்டு எண் கிடைத்தது. அலுவலக வாசலில் நின்று குடித்த காபியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

இரண்டு கடை தள்ளி வளையல் கடை வைத்திருக்கும் அக்கா வேறு வழியில் போனார். பழைய 1,900 ரூபாயை மாதாமாதம் மணியார்டரில் அனுப்பினார். திரும்பி வந்ததும், “வாங்க மறுத்தது அவர்கள்தானே” என்று பேசாமல் இருந்துவிட்டார். கெடு தாண்டியதும் குத்தகை ரத்து உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு அதே சட்டத்தின் 78-ஆவது பிரிவில் இணை ஆணையரிடமிருந்து நோட்டீஸ். குத்தகை ரத்தான பின்பும் கடையில் இருப்பவரைச் சட்டம் ஆக்கிரமிப்பாளர் என்கிறது. முப்பது ஆண்டு வாடகை ஒழுங்காகக் கட்டிய அந்த அக்காவுக்கு அந்தச் சொல்லைப் படித்ததும் வந்த அழுகையை நான் நேரில் பார்த்தேன். அவருடைய வாடகைக் கணக்கிலும் இதே பின்னறை சேர்ந்திருந்தது. ஆனால் அளவைப் பற்றிப் பேசும் காலம் அவருக்குக் கடந்துவிட்டது. இப்போது கடையையே காப்பாற்றப் போராடுகிறார்.

விசாரணை நவம்பரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று. மனுவில் இரண்டு காரணம் எழுதியிருந்தேன்: அளவு தவறு, சதுர அடிக்கு 24 ரூபாய் அதிகம். இரண்டாவது நிற்கவில்லை. நான் கொடுத்த ஒப்பந்த நகல்கள் ஊருக்கு வெளியே, பைபாஸ் பக்கம் உள்ள கடைகளுடையவை. சட்டம் பார்ப்பது அதே வட்டாரத்தில் உள்ள அதே வகைச் சொத்தின் வாடகையை. எங்கள் தெருத் தனியார் கடை ஒப்பந்தத்தை எடுத்திருந்தால் அது என் வாதத்தையே உடைத்திருக்கும், உள்ளதைச் சொல்கிறேன். அளவு மட்டும் நின்றது. குழுவின் கோப்பு நகலைக் கேட்டு உதவி ஆணையர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் வில்லை ஒட்டி அனுப்பியிருந்தேன். பதிலுக்கு அங்கும் முப்பது நாள் அவகாசம் உண்டு. அதனால் அந்தப் பதிலை நம்பி மேல்முறையீட்டைத் தள்ளிப்போடக் கூடாது. விசாரணைக்கு முன் வந்து சேர்ந்த அந்தக் கோப்பில் பழைய வரைபடம் ஒன்று இருந்தது. பின்னறை மேல் ‘வாகன அறை’ என்று கோயில் அலுவலகமே எழுதியிருந்தது. நேரில் அளந்து அறிக்கை தர ஆணையர் உத்தரவிட்டார். நாடாவின் ஒரு முனையை நானே பிடித்தேன். 180 சதுர அடி.

2025 பிப்ரவரிக் கடைசியில் உத்தரவு வந்தது. மாதம் 4,320 ரூபாய். முதல் பன்னிரண்டு மாதத்துக்கும் வழக்கு நடந்த எட்டு மாதத்துக்கும் மாதம் 2,160 வீதம் நான் கூடுதலாகக் கட்டியது 43,200 ரூபாய், அதாவது சரியாகப் பத்து மாத வாடகை. மார்ச் முதல் டிசம்பர் வரை அது கழிந்தது.

அதற்குள் இன்னொரு வலையில் விழ இருந்தேன். வாடகை நிர்ணயத்துக்கு மூன்று ஆண்டு, குத்தகைக்கும் மூன்று ஆண்டு. ஆனால் இரண்டும் ஒரே நாளில் தொடங்கியவை அல்ல. என் குத்தகை 2025 ஜூன் 30-இல் முடிகிறது, மார்ச் 31-க்குள் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும் என்று எனக்கு வந்த வாடகை உத்தரவிலேயே இருந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் விண்ணப்பத்தோடு போனால், “மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது, இப்போது வாங்க மாட்டோம்” என்றார்கள். வாதாடவில்லை. நேரே தபால் நிலையம் போய், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அதே விண்ணப்பத்தை அதே அலுவலகத்துக்கு அனுப்பினேன். அட்டை நான்காம் நாள் முத்திரையோடு திரும்பி வந்தது. ஜூனில், “நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லையே” என்று அவர்கள் கேட்டபோது அதை மேசைமேல் வைத்தேன். நிலுவை எதுவும் இல்லாததால் ஒப்பந்தம் இரண்டு வாரத்தில் முடிந்தது.

அடுத்த வாடகை மறுநிர்ணயம் 2026 ஜூலை 1. அளவு அறிக்கையின் நகலை மே மாதமே கோயில் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கப் போகிறேன். எங்கள் வரிசையில் இன்னும் ஆறு கடைக்காரர்களின் கணக்கில் அந்தப் பின்னறைப் பத்தடி அப்படியே இருக்கிறது. அவர்களையும் நாடாவோடு வரச் சொல்லியிருக்கிறேன்.