6:30

நவம்பர் 3
மெரினா. ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 நொடி, அந்த 6:30-க்கு மேல் வேகம் கூடவே கூடாது என்று பிசியோ சொல்லியிருக்கிறார். மூச்சு மாறாமல் ஒரே சீராகத்தான் ஓடினேன். ஜிபிஎஸ் வாட்ச் 5:40 என்றது. கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தால் 7:20. பயத்தில் இரண்டு முறை நின்றுவிட்டேன்.

நவம்பர் 4
ஓடவில்லை. கணுக்காலுக்கு மேலே அழுத்திப் பார்த்தேன். வலி இல்லை.

நவம்பர் 5
தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். 6:30 வேகத்தில் ஒரு நொடிக்கு 2.56 மீட்டர் நகர்கிறேன். அந்த ஒரு நொடியை அளப்பதில் அரை மீட்டர் கூடினால் திரையில் 5:26 வரும், அரை மீட்டர் குறைந்தால் 8:04. தூரத்தில் பிழை ஒரே அளவுதான். ஆனால் பேஸ் என்பது நேரத்தைத் தூரத்தால் வகுத்து வருவது, அதனால் மெதுவான பக்கம் இன்னும் பெரிதாகத் தாவுகிறது. கட்டடத்தில் பட்டுத் திரும்பும் சிக்னல், வீசும் கை, எல்லாம் சேர்ந்தால் அரை மீட்டர் ஒன்றும் அதிகமில்லை.

இதே 200 மீட்டருக்கு என்றால்? தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் சேர்ந்து 3 மீட்டர் தவறினாலும் பேஸ் 6 நொடிதான் பிசகும். ஒரு கிலோமீட்டருக்கு ஒரே நொடி. பிழை அந்த 3 மீட்டரிலேயே நிற்கிறது, ஓடிய தூரம் மட்டும் வளர்கிறது. நடுவில் நடந்த தாவல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன.

நவம்பர் 6
அந்த நொடியின் பேஸுக்குப் பதில், லேப் தொடங்கியதிலிருந்து வரும் சராசரியைக் காட்டும் லேப் பேஸ் வைத்தேன், லேப் 1 கிலோமீட்டர். லேப் தொடங்கியதும் அதுவும் ஆடுகிறது, சேர்ந்த தூரம் குறைவு அல்லவா. பாதிக்கு மேல் அசையவே இல்லை. நிம்மதி!

நவம்பர் 7
நிம்மதி போய்விட்டது. நடுவில் 100 மீட்டர் 5:30-இல் ஓடியிருந்தால் கிலோமீட்டர் சராசரி வெறும் 6 நொடிதான் மாறும். எனக்கு ஆபத்து அந்த 100 மீட்டரில்தானே இருக்கிறது? லேப்பை 200 மீட்டராகக் குறைத்தேன். கொஞ்சம் ஆடட்டும், ஆனால் இவ்வளவு மறைக்காது.

நவம்பர் 8
மழை. ஸ்கேன் வெள்ளிக்கிழமை.

நவம்பர் 9
அடர்ந்த மரநிழல் தெருவில் ஓடினேன். சராசரி அழகாக நின்றது, 6:12-இல். உடம்பு 6:30 என்கிறது. பாதை வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கோடு வளைந்து வளைந்து வீடுகளுக்குள் போகிறது. அந்த வளைவுகளையும் நான் ஓடிய தூரமாகச் சேர்த்திருக்கிறது. ஒரே பக்கமாகச் சாயும் பிழையைச் சராசரி தீர்க்காது. எண் அசையாமல் நிற்பதை மட்டும் வைத்து நம்பிவிட முடியாது.

நவம்பர் 10
டிராக், உள் லேன். ஒரு சுற்று 400 மீட்டர், 6:30 என்றால் 2:36. ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு ஸ்டாப்வாட்ச் மட்டும். 2:38, 2:36, 2:37.

நவம்பர் 11
வலி இல்லை. நாளையும் டிராக்தான்.